எங்கே நின்றாய் என்று கேளுங்கள்

கேள்வி: சில ஆண்டுகளாகச் சிறுகதைகள் எழுதி வருகிறேன். எழுதி முடித்ததும் முதலில் படிக்கக் கொடுப்பது என் நெருங்கிய தோழியிடம்தான். ஒவ்வொரு முறையும் “நன்றாக இருக்கிறது” என்பதைத் தாண்டி அவள் எதுவும் சொன்னதில்லை. “உள்ளதைச் சொல், கோபித்துக்கொள்ள மாட்டேன்” என்று கெஞ்சியும் பார்த்துவிட்டேன். சென்ற மாதம், என் கதையைப் பற்றி இன்னொருவரிடம் “நடுவில் இழுத்தது, பாதியில் வைத்துவிட்டேன்” என்று அவள் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். மனம் கசந்துவிட்டது. அவளிடமிருந்து நேர்மையான கருத்தைப் பெற என்னதான் வழி?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தோழி சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் இருக்கிறார். உங்கள் கையில் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஏன் வந்து சேரவில்லை என்பதற்கான விடை, அவர் அந்த மூன்றாவது ஆளிடம் சொன்ன வாக்கியத்திலேயே இருக்கிறது.

அதில் இரண்டு பகுதிகள் உண்டு. “நடுவில் இழுத்தது” என்பது அபிப்பிராயம். “பாதியில் வைத்துவிட்டேன்” என்பது நடந்த சம்பவம். பத்திரிகைக்கு வரும் கதைகளைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் வேலையை இருபது ஆண்டுகளுக்கு மேல் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இரண்டாவதுதான் விலைமதிப்புள்ளது. அபிப்பிராயத்தோடு நீங்கள் வாதாடலாம். ஒருவர் ஒன்பதாம் பக்கத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டார் என்பதோடு வாதாட ஒன்றுமே இல்லை. அந்த மூன்றாவது ஆளிடம் அவரால் இதை எளிதாகச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், அங்கே அவரிடம் யாரும் தீர்ப்புக் கேட்கவில்லை. தனக்கு நேர்ந்ததைச் சொன்னார். நீங்களோ ஒவ்வொரு முறையும் அவரை நீதிபதியின் நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறீர்கள்.

“எப்படி இருக்கிறது?” என்ற கேள்வியைப் பாருங்கள். கேட்பது கதையைப் பற்றி. ஆனால் நண்பரின் காதில் விழுவது “நான் எழுதத் தகுந்தவளா?” என்றுதான். அந்தக் கேள்விக்கு நல்ல மனிதர் எவரும் ஒரே பதிலைத்தான் சொல்வார். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்கப்பட்ட உண்மையான கேள்விக்கு அவர் உண்மையான பதிலைத்தான் சொல்கிறார்.

“கோபித்துக்கொள்ள மாட்டேன்” என்பது இன்னும் மோசம். அதுவரை அந்த அறையில் கோபம் என்ற பேச்சே இல்லை. நீங்கள்தான் அழைத்து வந்து உட்கார வைக்கிறீர்கள். இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னும் சில வாக்கியங்கள் உண்டு. “சும்மா கிறுக்கினேன், மோசமாகத்தான் இருக்கும்” என்றால் ஆறுதல் சொல்வது அவர் கடமையாகிவிடும். “இதற்காக ஆறு மாதம் தூங்கவில்லை” என்றால் அந்த ஆறு மாதத்துக்கும் அவர் பதில் சொல்லியாக வேண்டும். “நாளைக்கு அனுப்பப் போகிறேன், ஒரு பார்வை பாரேன்” என்பதில் திருத்த நேரமே இல்லை. அந்த நிலையில் குறை சொல்வதால் யாருக்கு என்ன பயன்? அவர் வாழ்த்தி அனுப்புவார். இவையெல்லாம் நாம் நல்ல எண்ணத்தோடு சொல்பவைதான். ஆனால் ஒவ்வொன்றும் நண்பரின் வாயை ஒரு சுற்று இறுக்கிக் கட்டுகிறது.

ஆகவே கருத்துக் கேட்பதை விட்டுவிடுங்கள். படிக்கும்போது என்ன நடந்தது என்று கேளுங்கள். கருத்தை யோசித்து, வார்த்தை தேர்ந்து, முகத்தைப் பார்த்து உருவாக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் தாட்சண்யம் நுழைகிறது. நடந்ததைச் சொல்ல நினைவு மட்டும் போதும்.

நினைவும்கூட நம்பக்கூடியதில்லை. கதை முடிந்தபின் கேட்டால், கடைசிப் பத்தியின் சுவையில் நடுப்பகுதியின் அலுப்பு மறந்துபோயிருக்கும். அதனால் படிக்கும்போதே தடம் பதியட்டும். நான் சொல்லிக்கொடுக்கும் முறையில் நான்கே குறிகள். அவற்றோடு கதையைக் கொடுக்கும்போது எழுதி அனுப்பக்கூடிய சிறு கடிதம் ஒன்றையும் கீழே தருகிறேன். உங்கள் வழக்கப்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

“ஒரு கதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் முடிவான வடிவம் இல்லை. அடுத்த வாரம் உட்கார்ந்து திருத்தப் போகிறேன். அதற்கு உன் உதவி வேண்டும். கையில் பென்சிலோடு படி. கவனம் வேறு எங்காவது போன இடத்தில் ஓரத்தில் ஒரு நெளிகோடு போடு. புரியாமல் திரும்பப் படித்த இடத்தில் ஒரு கேள்விக்குறி. பிடித்த வரி இருந்தால் அடிக்கோடு. காரணம் எதையும் எழுத வேண்டாம். மேலே படிக்கத் தோன்றாத இடம் வந்தால் அங்கேயே ஒரு பெருக்கல் குறி போட்டு நிறுத்திவிட்டுத் தாள்களைத் திருப்பிக் கொடு. கடைசிவரை படித்தே ஆக வேண்டும் என்பதில்லை. நிறுத்திய இடம் தெரிந்தாலே என் வேலை பாதி முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் நேரம் கிடைக்காவிட்டால் விட்டுவிடு, வேறொருவரிடம் கொடுத்துக்கொள்கிறேன்.”

இதில் ‘திருத்தப் போகிறேன்’ என்ற சொல் முக்கியம். மாற்ற முடியும் என்று தெரிந்த பொருளைப் பற்றித்தான் மனிதர்கள் குறை சொல்வார்கள். அது உண்மையாகவும் இருக்க வேண்டும். பளபளவென்று அச்சுப் புத்தகம்போல் வடிவமைத்து, அட்டை போட்டு, ‘இது வரைவுதான்’ என்றால் யாரும் நம்புவதில்லை. இரண்டு வரிகளுக்கிடையே நல்ல இடைவெளியும் அகலமான ஓரமும் விட்டு, சாதாரணத் தாளில் எடுத்துக் கொடுங்கள். எழுத இடம் இருக்கும் தாள்தான் ‘இதில் எழுதலாம்’ என்று சொல்லும். திரையில் படிப்பவர் என்றால் பத்திகளுக்கு எண் போட்டுக் கொடுங்கள். “14, நெளிகோடு” என்று அனுப்ப அவருக்கு அரை நிமிடம் போதும்.

காரணம் கேட்கக் கூடாது என்பதைப் பலர் ஏற்க மறுக்கிறார்கள். காரணம் தெரியாமல் எப்படித் திருத்துவது என்று கேட்பார்கள். நண்பருக்கும் பெரும்பாலும் காரணம் தெரியாது என்பதே உண்மை. கவனம் சிதறியது தெரியும். ஏன் சிதறியது என்று கேட்டால் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்வார். அந்தக் காரணத்தைத் தேடும் சிரமத்துக்குப் பயந்தே அடுத்த முறை குறியைப் போடாமல் தாண்டிவிடுவார்.

எல்லாவற்றிலும் பெரிய வேலையைச் செய்வது பெருக்கல் குறிதான். நண்பர்கள் பாதியில் விடுவது சாதாரணம். ஆனால் அதைச் சொல்வது பெரிய குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் அவர்களுக்குத் தோன்றுகிறது. எனவே கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு “முடிவு நன்றாக இருந்தது” என்கிறார்கள். நிறுத்துவதையே நீங்கள் கேட்ட உதவியாக மாற்றிவிட்டால் ஒளிக்க ஒன்றும் மிஞ்சாது. உங்கள் தோழியிடம் இந்த ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தால், அந்த மூன்றாவது ஆள் வழியாகச் செய்தி வந்திருக்க வேண்டியதில்லை.

தாள்கள் திரும்பி வந்த மறுநாள் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “என்ன நடந்தது என்று மூன்று நான்கு வாக்கியங்களில் சொல்லேன்.” கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்வது எந்த நட்பையும் சோதிப்பதில்லை, ஆனால் அது கதையைச் சோதித்துவிடும். நீங்கள் எழுதியதாக நினைத்ததும் அவர் படித்ததும் எங்கே பிரிந்தன என்று அப்போது தெரியும்.

இது நடைமுறையில் எப்படிப் போகும் என்பதை ஒரு கதையை வைத்தே சொல்கிறேன். எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் 12 பக்கக் கதை ஒன்றை இந்த முறையில் நண்பரிடம் கொடுத்தார். தாய் இறந்தபின் அக்காவும் தங்கையும் வீட்டைக் காலி செய்ய வருகிறார்கள். தங்கை ஒரு கடிதக் கட்டை யாருக்கும் தெரியாமல் எடுத்து ஒளித்து வைக்கிறாள். பிறகு அது அக்காவுக்குத் தெரிய வருகிறது. திரும்பி வந்த தாள்களில் நான்காம் பக்கத்தில் ஒரு நெளிகோடு, ஏழாம் பக்கத்தில் இரண்டு கேள்விக்குறிகள், எட்டாம் பக்கம் முழுவதும் நெளிகோடுகள் இருந்தன. படித்த நண்பர் வாய்மொழியாக ஓர் ஆலோசனையும் சொல்லியிருந்தார்: “ஏழும் எட்டும் நீளம். வெட்டிவிடு.”

இவரும் வெட்டினார். ஒன்றரைப் பக்கம் போயிற்று. கதை இன்னும் குழம்பியது. அந்த நிலையில்தான் என்னிடம் கொண்டுவந்தார். நண்பர் கதையைத் திருப்பிச் சொன்னாரா என்று கேட்டேன். சொன்னாராம்: “அக்கா கடிதங்களை ஒளித்து வைக்கிறாள். அப்புறம் தங்கை ஏனோ அழுகிறாள்.” விஷயம் அங்கே இருந்தது. ஒளித்தவள் யார் என்பதே தலைகீழாகப் போயிருக்கிறது.

பின்னோக்கிப் போய்ப் பார்த்தோம். ஐந்தாம் பக்கத்தில், கடிதத்தை எடுக்கும் அந்த இடத்தில், தொடர்ந்து பதினொரு வாக்கியங்களில் ஒரு பெயரும் இல்லை. ‘திறந்தாள், எடுத்தாள், திரும்பிப் பார்த்தாள், மறைத்துக்கொண்டாள்’ என்றே போகிறது. தமிழில் எழுவாய் இல்லாமலேயே வாக்கியம் நிற்கும். அது நம் மொழியின் அழகு. ஆனால் அறைக்குள் இரண்டு பெண்கள் இருக்கும்போது ‘ஆள்’ விகுதி இருவரையும் ஒன்றாகவே காட்டும். எழுதியவருக்கு அது தங்கை என்று தெரியும், அதனால் அவர் கண்ணில் படவில்லை. படித்தவர் அதற்கு முந்தைய பக்கத்தில் பேசிக்கொண்டிருந்த அக்காவையே நினைத்துக்கொண்டு போனார். ஏழாம் பக்கத்தில் அக்கா அதிர்ச்சியடைகிறாள். தானே ஒளித்ததற்குத் தானே எதற்கு அதிர்ச்சியடைய வேண்டும்? கேள்விக்குறிகள் விழுந்தன. எட்டாம் பக்கத்தில் சகோதரிகளின் சண்டை அவருக்குப் பொருளற்ற இரைச்சலாகிவிட்டது, அதனால் நெளிகோடுகள்.

வெட்டியதைத் திரும்பச் சேர்த்தார். ஐந்தாம் பக்கத்தில் இரண்டு இடங்களில் தங்கையின் பெயரைப் போட்டார். கதையை இன்னும் படிக்காத வேறொரு நண்பரிடம் கொடுத்தார். எட்டாம் பக்கத்தில் ஒரு குறியும் இல்லை. கதையையும் அவர் சரியாகத் திருப்பிச் சொன்னார். நான்காம் பக்கத்து நெளிகோடு மட்டும் அதே இடத்தில் மறுபடி விழுந்தது. அங்கே இருந்தது வீட்டின் நீண்ட வர்ணனை. எழுதிய இளைஞருக்கு மிகவும் பிடித்த பத்தி. முதல் குறியை அவர் பொருட்படுத்தவில்லை. இரண்டாவது வந்தபின் பாதியாகக் குறைத்தார், முணுமுணுத்துக்கொண்டுதான்.

குறிகளை எப்படிப் படிப்பது என்பதற்கு இந்தக் கதை நல்ல பாடம். வாசகர் தடுக்கி விழுந்த இடத்தை அவர் சரியாகச் சொல்வார். கல் எங்கே கிடக்கிறது என்பதை நீங்கள்தான் தேட வேண்டும். அது பெரும்பாலும் ஒன்றிரண்டு பக்கங்களுக்கு முன்னால் கிடக்கும். ‘வெட்டிவிடு’, ‘முடிவை மாற்று’ என்று நண்பர்கள் சொல்லும் வைத்தியத்தை நன்றியோடு கேட்டுக்கொள்ளுங்கள், உடனே செய்துவிடாதீர்கள். ஒரே ஒருவர் போட்ட குறியை மனதில் வைத்துக் காத்திருக்கலாம். ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாத இருவர் ஒரே இடத்தில் குறி போட்டால் அங்கே ஏதோ இருக்கிறது, உங்களுக்கு எவ்வளவு பிடித்த இடமாக இருந்தாலும்.

இதையெல்லாம் செய்தும் ஒரே நிமிடத்தில் கெடுத்துவிட முடியும். நானே கெடுத்திருக்கிறேன். இளவயதில் ஒரு நண்பர் என் கட்டுரையின் மூன்றாம் பக்கம் புரியவில்லை என்றார். நான் அரை மணி நேரம் அவருக்கு விளக்கினேன், மிகச் சிறப்பாக. “ஓ, இப்போது புரிகிறது” என்றார். அதற்குப் பிறகு அவர் நெடுங்காலம் என் எழுத்துகளைப் படித்தார். எல்லாமே அவருக்கு முதல் வாசிப்பிலேயே புரிந்துவிட்டன! அன்று நான் அவருக்குக் கற்பித்தது கட்டுரையின் பொருளை அல்ல, குறை சொன்னால் அரை மணி நேரம் போய்விடும் என்பதைத்தான்.

ஆகவே தாள்களை வாங்கும்போது விளக்காதீர்கள். “அது எதற்காக அப்படி வைத்தேன் என்றால்” என்று வாய் திறக்கும், மூடிக்கொள்ளுங்கள். கேட்கத் தோன்றினால் “அந்த இடத்தில் என்ன நினைத்துக்கொண்டிருந்தாய்?” என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எழுதும் கை வாதாடாது. அதோடு, தான் சொன்னது பதிவாகிறது என்பதைப் பார்ப்பவர் இன்னும் கொஞ்சம் சொல்வார். ஒன்றிரண்டு வாரம் கழித்துத் திருத்திய பக்கத்தைக் காட்டி “நீ கேள்விக்குறி போட்ட இடம், இப்படி மாற்றிவிட்டேன்” என்று சொல்லுங்கள். அடுத்த கதைக்கு அவர் பென்சிலை அழுத்திப் பிடிப்பார்.

இந்த முறைக்கு எல்லைகள் உண்டு. கதையில் வரும் ஒருவராகத் தன்னையோ தன் வீட்டாரையோ நண்பர் அடையாளம் கண்டுகொள்ளக்கூடும் என்றால் அவரிடம் கொடுக்காதீர்கள். அவரால் வாசகராக இருக்கவே முடியாது. கதையே படிக்காத ஒருவர், நண்பர் என்ற காரணத்துக்காக மட்டும் படிக்கிறார் என்றால் அவர் போடும் நெளிகோடு உங்கள் கதையைப் பற்றியதா, கதை என்ற வடிவத்தைப் பற்றியதா என்று பிரிக்க முடியாது. சில நாள்களில் நமக்கு வேண்டியிருப்பது பாராட்டு மட்டுமே. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அன்றைக்கு “இன்று குறை எதுவும் சொல்லாதே, பிடித்ததை மட்டும் சொல்” என்று நேராகவே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். குறை கேட்பதுபோல் நடித்துப் பாராட்டை எதிர்பார்க்கும்போதுதான் நண்பர்கள் குழம்பிப்போகிறார்கள்.

இனி உங்கள் தோழியின் விஷயம். கேள்விப்பட்டதை அவரிடம் எடுத்துப் பேச வேண்டாம் என்பது என் எண்ணம். பேசினால் அவர் முதலில் மன்னிப்புக் கேட்பார், பிறகு மூன்றாவது ஆளிடமும் பேசுவதை நிறுத்திவிடுவார். உங்களுக்கு இருந்த ஒரே சுற்றுவழியும் அடைபடும். அவர் பாதியில் வைத்த அந்தக் கதையையும் அவரிடம் மறுபடி கொடுக்காதீர்கள். ஒரு கதையை முதல்முறையாகப் படிப்பது ஒருவருக்கு ஒரு தடவைதான் வாய்க்கும். இந்தக் கதையைப் பொறுத்தவரை அவரிடம் அது செலவாகிவிட்டது. நடுவில் எங்கோ தடுக்கியிருக்கிறது என்பதை வைத்துக்கொண்டு வேறொருவரிடம் பென்சிலைக் கொடுங்கள்.

தோழியிடம் வேறு விதமாகத் தொடங்குங்கள். நீங்கள் அடுத்து எழுதும் கதையின் தொடக்கப் பத்தியை இரண்டு விதமாக எழுதி, எது முதலில் எழுதியது, எது உங்களுக்குப் பிடித்தது என்று சொல்லாமல், “இதில் எதற்குப் பிறகு மேலே படிக்கத் தோன்றுகிறது?” என்று கேளுங்கள். இரண்டும் உங்களுடையவையே என்பதால், ஒன்றைத் தள்ளினாலும் அவர் உங்களைத் தள்ளியதாகாது. அவர் தேர்ந்தெடுத்ததை வைத்துக் கதையை எழுதுங்கள். அதை அவரிடம் சொல்லவும் செய்யுங்கள். இரண்டு மூன்று முறை இப்படி நடந்தபின் ஐந்தாறு பக்கக் கதை ஒன்றை அந்தச் சிறு கடிதத்தோடு கொடுத்துப் பாருங்கள்.

முதல் தடவை நான்கு அடிக்கோடுகளோடு வேறு குறியே இல்லாமல் தாள் திரும்பி வரலாம். பழைய பழக்கம் போக நாளாகும். அடிக்கோடு எந்த வரியின் கீழே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். இடம் குறித்த பாராட்டும் தகவல்தான். எப்போதாவது ஒரு நாள் மூன்றாம் பக்கத்தின் நடுவில் ஒரு பெருக்கல் குறியோடு அவர் தயங்கித் தயங்கித் தாள்களை நீட்டுவார். நன்றி சொல்லி வாங்கிப் பைக்குள் வையுங்கள். அன்று முழுவதும் அவரோடு வேறு எதையாவது பேசிக்கொண்டிருங்கள். தாள்களை மறுநாள் எடுத்துப் பார்க்கலாம்.